தோழிக்கு ஐந்து பாட்டும் ஒரு கடிதமும்: அனுப்பும் முன் பார்த்துச் சொல்லுங்கள்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவளுக்கு டி.பி. என்று போன மாதம் தெரிந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, ஊசி போட்டு எடுத்தார்கள். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது வீட்டில் இருக்கிறாள். ஆறு மாதம் மாத்திரை. அவள் திண்டுக்கல்லில், நான் மதுரையில். அடிக்கடி போக முடியவில்லை. ஒரு பென் டிரைவில் ஐந்து பாட்டு ஏற்றி, எதற்கு இந்த ஐந்து என்று ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை. நோயாளிக்குப் பாட்டு அனுப்பிப் பழக்கமுள்ளவர்களும், நோயாளியாக இருந்தவர்களும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

*அன்புள்ள என் பக்கத்து பெஞ்சுக்காரிக்கு,*

*போனில் நீ ரெண்டு நிமிஷத்துக்கு மேல் பேசினால் இருமல் வருகிறது. அதனால் இந்த முறை நான் மட்டும் பேசுகிறேன், நீ கேட்டுக்கொள்.*

*ஐந்து பாட்டுதான் ஏற்றியிருக்கிறேன். ஐம்பது ஏற்றியிருந்தால் நீ எதையும் கேட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தேடித் தேடித் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பாய்.*

*முதல் பாட்டு "புத்தம் புது காலை". இதை நான் போனிலேயே சொல்லி, காலை ஆறு மணி அலாரமாக வைக்கச் சொல்லிவிட்டேன், நீயும் வைத்துவிட்டாய். வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை விழுங்குகிற நேரம் அது. அந்த நேரத்தில் ஜானகி அம்மா குரல் இருந்தால் மாத்திரை கொஞ்சம் லேசாக இறங்கும் என்று நினைத்தேன். "அலைகள் ஓய்வதில்லை" இசைத்தட்டில் வந்த பாட்டு, படத்தில் கிடையாது. உன் அண்ணன் கேசட்டில்தானே முதலில் கேட்டோம்? படத்துக்குப் போய் இந்தப் பாட்டு எப்போது வரும் என்று கடைசிவரை காத்திருந்து ஏமாந்தவள் நீ. படத்தில் இடம் கிடைக்காவிட்டாலும் இத்தனை வருஷமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிற பாட்டு அது.*

*இரண்டாவது "சின்னச் சின்ன ஆசை". இதை நீ கேட்க வேண்டாம், முணுமுணுக்க வேண்டும். நாம் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது வந்தது, 1992. ஒவ்வொரு துண்டும் சின்னது. ரெண்டு மூன்று சொல், நிறுத்தம், மறுபடி ரெண்டு மூன்று சொல். உன் மூச்சு இப்போது எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம்தான் அந்தப் பாட்டும் போகிறது. அப்புறம் இன்னொன்று. அதைப் பாடிய மின்மினிக்குக் கொஞ்ச காலத்திலேயே குரல் போய்விட்டது. மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. வெகு காலம் கழித்துத்தான் திரும்பப் பாடவந்தார். வகுப்பில் நின்று பாடம் எடுக்க இனி குரல் வருமா என்று நீ அழுதாயே, அன்று ராத்திரி எனக்கு மின்மினி ஞாபகம்தான் வந்தது.*

*மூன்றாவது "பாலும் பழமும் கைகளில் ஏந்தி". இது உன் வீட்டுக்காரர் காதிலும் விழட்டும். படுத்துக்கிடக்கும் மனைவியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் கணவன் பாடுவது. அந்தப் பெண்ணுக்கும் உனக்கு வந்த நோய்தான். இதைச் சேர்க்கலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சேர்த்ததற்குக் காரணம், அவள் சாகவில்லை. குணமாகித் திரும்பி வருகிறாள். அப்போது கணவனுக்குப் பார்வை போயிருக்கிறது, அவள் நர்சாக இருந்து அவனைப் பார்த்துக்கொள்கிறாள். உன் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வீட்டில் இந்தப் பாட்டு ஒருமுறை சத்தமாகக் கேட்க வேண்டும்.*

*நான்காவது "தென்றல் வந்து தீண்டும் போது". சாயங்காலத்துக்கு. நாலு மணிக்கு மேல்தான் காய்ச்சல் ஏறுகிறது, மனசு இருண்டுபோகிறது என்றாய். கண் தெரியாத பெண்ணுக்கு நிறங்களைச் சொல்லிக்கொடுக்கிற பாட்டு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேள். எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட துணிகளின் நிறத்தை எண்ணு.*

*ஐந்தாவது ராத்திரிக்கு: "அமைதியான நதியினிலே ஓடும்". இதற்குக் காரணம் எதுவும் இல்லை. துடுப்பு போடுகிற மாதிரி ஒரே சீராகப் போகும். வேர்த்து நனைந்து எழுந்து நைட்டி மாற்றிவிட்டு மறுபடி தூக்கம் வராமல் கிடப்பாயே, அப்போது போட்டுக்கொள்.*

*"மயக்கமா கலக்கமா" ஏன் இல்லை என்று கேட்பாய், உன் அப்பாவுக்குப் பிடித்த பாட்டு. வேண்டுமென்றேதான் விட்டேன். உனக்கும் கீழே எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களை நினைத்து நிம்மதி அடை என்று அது சொல்கிறது. இந்த ஒரு மாதமாகப் பார்க்க வருகிற எல்லோரும் உன்னிடம் அதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நானும் பாட்டில் சொல்ல வேண்டாம்.*

*நல்லா சாப்பிடு. பொங்கலுக்கு வருகிறேன்.*

---

ரேடியோபைத்தியம்

கடிதம் மனசைத் தொட்டது அம்மா. ஆனால் "மயக்கமா கலக்கமா"வை நீங்கள் தள்ளியதை என்னால் ஏற்க முடியவில்லை. 1962, "சுமைதாங்கி". கவிஞர் வாலி சென்னையில் வாய்ப்பே கிடைக்காமல், போதும் என்று மதுரைக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். அந்த நேரம் பார்த்து பி.பி. ஸ்ரீநிவாஸ் வந்து, தான் புதிதாகப் பாடியிருக்கிற பாட்டு என்று இதைப் பாடிக்காட்டினார். வாலி பெட்டியை இறக்கி வைத்துவிட்டார். இதை அவரே எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறார். ஒரு மனிதனின் வாழ்க்கையையே திருப்பிய பாட்டு நோயாளிக்கு ஆகாது என்றால் எப்படி?

இன்னொரு யோசனை. மூச்சுப் பயிற்சிக்கு என்றால் "மண்ணில் இந்தக் காதலன்றி"யைவிடச் சிறந்த பாட்டு உண்டா? எஸ்.பி.பி. ஒரே மூச்சில் பாடியது. தினம் ஒரு வரி கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள், ஆறு மாதத்தில் நுரையீரல் இரும்பாகிவிடும்.

---

சுதிப்பெட்டி

ஐயா, நான் இருபது வருஷமாகக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித்தருகிறேன். அந்தச் சரணத்தை யாரும் ஒரே மூச்சில் பாட முடியாது. பதிவில் துண்டு துண்டாகப் பாடி இணைத்தது என்று எஸ்.பி.பி.யே மேடையில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நல்ல உடம்போடு இருக்கும் என் மாணவர்களே அதை முயன்று பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுவார்கள். நெஞ்சில் நீர் எடுத்த பெண்ணிடம் அதைக் கொடுத்தால், முதல் நாளே தோற்றுப்போன எண்ணம்தான் வரும்.

வைகைக்கரை, "சின்னச் சின்ன ஆசை" சரியான தேர்வு. காரணமும் சரி. சொற்கட்டு சின்னது, நடுவில் மூச்சுக்கு இடம் இருக்கிறது, மேல் ஸ்தாயிக்கு வெகுதூரம் ஏறாது. ஒரே ஒரு திருத்தம். மின்மினி பாடிய சுதியிலேயே கூடப் பாட வேண்டாம். இருமல் உள்ள தொண்டைக்கு அது உயரம். பாட்டைக் கேட்டுவிட்டு, நிறுத்திவிட்டு, தன் பேச்சுக் குரல் எங்கே இருக்கிறதோ அங்கே வைத்து வாய் மூடி முணுமுணுக்கச் சொல்லுங்கள். தினம் பத்து நிமிஷம் இப்படி முணுமுணுத்தால் நுரையீரல் விரிந்துவிடும்.

---

வார்டுசிஸ்டர்

நெஞ்சுநோய் வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சுதிப்பெட்டி சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன்.

நீர் எடுத்த பிறகு நுரையீரல் விரிய வேண்டியது மூச்சை உள்ளே இழுக்கும்போது. முணுமுணுப்பது மூச்சு வெளியே போகிற வேலை. அதனால் பாட்டு மட்டும் போதாது. தோழிக்கு மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுத்திருப்பார்கள். அதை எப்படிச் செய்கிறார் என்று கேளுங்கள். வார்டில் வருகிறவர்களில் பாதிப் பேர் அதை ஊதுவார்கள். பந்து அசையாது, கருவி கெட்டுப்போச்சு என்று மூலையில் போட்டுவிடுவார்கள். அது ஊதுவதற்கானது இல்லை, உறிஞ்சுவதற்கு. நிமிர்ந்து உட்கார்ந்து, குழாயை உதட்டால் கவ்வி, மெதுவாக இழுத்து, பந்து மேலே நிற்கும்போது ரெண்டு மூன்று நொடி பிடித்துவைத்து விட வேண்டும். மூன்றாவது பந்து எழும்ப நொடிக்கு 1200 மில்லி வேகம் வேண்டும். இப்போதைக்கு முதல் பந்து 600-க்கு எழுந்து நின்றாலே நல்லது. வெடுக்கென்று இழுத்து மூன்றையும் ஒரு நொடி எகிற வைப்பதைவிட ஒன்றை நிதானமாக நிற்க வைப்பது மேல்.

பாட்டு எங்கே உதவும் என்றால், பாடுகிறவர் ஒவ்வொரு வரிக்கு முன்னும் தன்னை அறியாமல் ஆழமாக மூச்சு இழுப்பார். நெஞ்சு வலிக்கு பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவர்களுக்கு அந்த பயம் விட்டுப்போகும். முதலில் பந்து, அப்புறம் பாட்டு என்று வரிசை வைத்துக்கொள்ளட்டும்.

தட்டு, டம்ளர் விஷயத்தைக் கேட்டு வருத்தமாக இருக்கிறது. டி.பி. பாத்திரத்தால் பரவுவதில்லை, இருமும்போது காற்றில் பரவுகிறது. நுரையீரலுக்கு வெளியே நீர் மட்டும் கோத்த வகையில் அந்தப் பரவலும் பெரும்பாலும் குறைவு. நுரையீரலிலேயே இருந்தாலும், சரியான மருந்து தொடங்கி ரெண்டு வாரம் போல ஆனால் பெரும்பாலோருக்குப் பரப்பும் தன்மை நன்றாகக் குறைந்துவிடும். இதை அவருடைய டாக்டர் வாயாலேயே வீட்டுக்காரரிடம் சொல்லச் சொல்லுங்கள். பாட்டு போட்டு உணர்த்துவதற்குக் காத்திருக்க வேண்டாம்.

---

நொய்யல்

நான் இதில் எழுதலாமா என்று தெரியவில்லை, எனக்கு வந்தது வேறு நோய். 2019-இல் நிணநீர்க் கட்டிக்குக் கீமோ எடுத்தேன். ஆனால் முதல் பாட்டைப் படித்ததும் வயிறு கலங்கியது, அதனால் எழுதுகிறேன்.

தயவுசெய்து "புத்தம் புது காலை"யை மாத்திரை நேரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

எனக்கு மருந்து ஏற்றும் நாட்களில் நேரம் போக வேண்டுமே என்று என் மனைவி எனக்கு மிகப் பிடித்த பாட்டுகளை ஹெட்போனில் போட்டுவிடுவாள். நாலாவது முறைக்குள் அதில் ஒரு பாட்டின் முதல் புல்லாங்குழல் காதில் விழுந்தாலே வாயில் எச்சில் ஊறி வாந்தி முட்டும். சிகிச்சை முடிந்து ஆறு வருஷம் ஆகப்போகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நாதஸ்வரத்தில் அதை வாசித்தார்கள், எழுந்து வெளியே போய்விட்டேன். என் கல்யாணத்துக்கு முன்னால் நானும் அவளும் பஸ்ஸில் கேட்ட பாட்டு அது. அந்த நோய் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதில் அதற்காகத்தான் இன்னும் எனக்கு ஆற்றாமை.

எந்தப் பாட்டு என்று இங்கே எழுதவும் எனக்கு இஷ்டமில்லை.

---

வார்டுசிஸ்டர்

நொய்யல் தம்பி சொல்வது உண்மை, நான் கவனிக்காமல் விட்டது. குமட்டல் வந்தால், அதற்கு முன் என்ன சாப்பிட்டோம், என்ன மணம், என்ன சத்தம் என்று உடம்பு தேடி, கிடைத்ததன் மேல் பழியைப் போட்டுவிடும். மருந்துதான் காரணம் என்று மூளைக்குத் தெரிந்தாலும் வயிற்றுக்குத் தெரியாது. கீமோவுக்கு வருகிறவர்களில் சிலர் ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் ஸ்பிரிட் வாசனைக்கே வாந்தி எடுப்பார்கள். ஊசி இன்னும் போட்டிருக்கவே மாட்டோம். அதனால்தான் கீமோ நாளில் பிடித்த சாப்பாட்டைத் தராதீர்கள் என்று சொல்வோம். பாட்டுக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இதுவரை தோன்றவில்லை.

டி.பி. மாத்திரையில் குமட்டல் கீமோ அளவுக்கு இருக்காது. ஆனால் முதல் ரெண்டு மாதம் நாலு மருந்து சேர்ந்தது, அதுவும் வெறும் வயிற்றில். தினமும் ஒரே நேரத்தில், ஒரே பாட்டோடு. தோழிக்கு அந்தப் பாட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

---

வைகைக்கரை

கேட்டேன். இன்று மதியம் போன் பண்ணி, நேரடியாகக் கேட்காமல் "காலையில் பாட்டு நல்லா இருக்கா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாள்: அலாரம் வைத்துப் பதினோரு நாள் ஆகிறது, நாலைந்து நாளாக அந்த ஆரம்ப இசை வந்ததுமே நெஞ்சைக் கரிக்கிறதாம். பாட்டு முழுசாக வருவதற்குள் எழுந்து அணைத்துவிடுகிறாளாம். நான் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லையாம்.

நான் ஆசையாகக் கொடுத்த பாட்டு. நொய்யல் அண்ணா எழுதியிருக்காவிட்டால் ஆறு மாதமும் அப்படியே போயிருக்கும். நன்றி அண்ணா. உங்கள் பாட்டு திரும்பக் கிடைக்கட்டும்.

அலாரத்தை போனில் வருகிற சாதாரண மணியாக மாற்றச் சொல்லிவிட்டேன். சிஸ்டர், அந்தப் பாட்டை இனி என்ன செய்வது? தூக்கிவிடவா?

---

வார்டுசிஸ்டர்

மணியே போதும். பிடிக்கவும் வேண்டாம், வெறுத்தாலும் நஷ்டமில்லை என்கிற சத்தம்தான் அந்த நேரத்துக்குச் சரி.

பாட்டை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். பதினோரு நாள்தான் என்பதால் ஒட்டியது லேசாகவே ஒட்டியிருக்கும். சில வாரம் கழித்து, வயிறு நன்றாக இருக்கும் ஒரு மத்தியானம், சாப்பிட்டு வெகுநேரம் ஆன பிறகு, அவரே விரும்பினால் போட்டுப் பார்க்கட்டும். கட்டாயப்படுத்த வேண்டாம். எல்லோருக்கும் திரும்புமா என்றால் என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று. குமட்டலை எல்லாம் பாட்டின் மேல் போட்டுவிடாதீர்கள். இந்த மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக் கூடியவை. வாந்தி நிற்காமல் தொடர்ந்தால், சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு வந்தால், கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீர் ஆரஞ்சாகப் போவதை வைத்து முடிவு பண்ண முடியாது. ரிபாம்பிசின் மருந்தாலேயே அந்த நிறம் வரும், அது பயமில்லை. கண்ணைத்தான் பார்க்க வேண்டும், பகல் வெளிச்சத்தில்.

---

மணிமுத்தாறு

நல்ல இழை. என் அம்மாவுக்கு அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். வலி குறைய எந்த ராகம் கேட்க வேண்டும் என்று இந்த இழையில் பட்டியல் போடுவீர்களா? ஆனந்த பைரவி ரத்த அழுத்தத்துக்கு, நீலாம்பரி தூக்கத்துக்கு என்று வாட்ஸ்ஆப்பில் ஒன்று வந்தது. முழங்காலுக்கு எது என்று அதில் இல்லை.

---

சுதிப்பெட்டி

இந்த இழை அதைப் பற்றியது இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நீலாம்பரியில் தாலாட்டு பாடிப் பழக்கம் உண்டு, அதனால்தான் தூக்கத்துக்கு என்கிறார்கள். முழங்காலுக்கு ஒரு ராகம் என்று எந்தக் குருவும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் அம்மா ஆபரேஷன் முடிந்து கேட்டது முழுக்க டி.எம்.எஸ். முருகன் பாட்டு. தூங்கினார்.

---

வார்டுசிஸ்டர்

மணிமுத்தாறு, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பாட்டு கேட்டவர்களைப் பற்றிய 73 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பாட்டு கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மாத்திரையும் குறைவாகத் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் குறையவில்லை. எந்த வகைப் பாட்டு என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அதனால் அம்மாவிடமே கேட்டு அவருக்குப் பிடித்ததைப் போடுங்கள். வலி மாத்திரையை மட்டும் பாட்டை நம்பி நிறுத்தாதீர்கள்.

---

ரேடியோபைத்தியம்

சுதிப்பெட்டி அம்மா, எஸ்.பி.பி. விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷம் ஒரே மூச்சு என்றுதான் நம்பியிருந்தேன்.

ஆனால் "பாலும் பழமும்" பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. டி.பி. வந்த பெண்ணுக்கு டி.பி. படத்துப் பாட்டு. நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறீர்கள், ஆனால் அந்தப் படம் பார்த்தவர்களுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அவள் கணவனுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று வீட்டைவிட்டுப் போய்விடுவாள். செத்துவிட்டாள் என்றே அவன் நம்புவான். அவளைச் சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப்போய்க் குணமாக்குவார்கள். தட்டைத் தனியாக வைத்திருக்கிற வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு, விலகிப் போவதுதான் தியாகம் என்று சொல்கிற கதை வேண்டாம் என்பது என் எண்ணம். பாட்டு அருமை. இடம் சரியில்லை.

---

வார்டுசிஸ்டர்

ரேடியோ ஐயா சுவிட்சர்லாந்தை ஞாபகப்படுத்திவிட்டார், அதனால் இதைச் சொல்லியாக வேண்டும்.

அந்தப் படம் வந்தது 1961. டி.பி. என்றால் மலைக்காற்று, சானடோரியம், வருஷக்கணக்கில் படுக்கை என்றுதான் உலகமே நினைத்திருந்த காலம். நம் தாம்பரம் சானடோரியமே 1928-இல் அந்த எண்ணத்தில் தொடங்கியதுதான். ஆனால் 1956-இலேயே சென்னையில் ஒரு சோதனை ஆரம்பித்திருந்தார்கள். ஏறத்தாழ 190 நோயாளிகள், எல்லோரும் ஏழைகள். பாதிப் பேரைச் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வோடு வைத்தார்கள். மீதிப் பேரை அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே விட்டு, அதே மாத்திரையை ஒரு வருஷம் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம். எனக்குப் பயிற்சி கொடுத்த சிஸ்டர் இதைச் சொல்லும்போது கண் கலங்குவார்.

படத்துச் சாந்தி சுவிட்சர்லாந்து போகும்போது, குணமாக வீட்டைவிட்டு எங்கேயும் போக வேண்டாம் என்பது நம் சென்னையிலேயே தெரிந்திருந்தது. மாத்திரையும் பொறுமையும் வீட்டு மனுஷர்களும் போதும். உங்கள் தோழி இன்று தன் வீட்டில் தன் கட்டிலில் படுத்துக் குணமாவதற்கு அந்த ஏழை நோயாளிகள்தான் வழிவிட்டார்கள். அதைக் கடிதத்தில் சேர்த்து எழுதுவீர்களானால் பாட்டு இருக்கட்டும் என்பேன். இல்லையென்றால் ஐயா சொல்வதுபோல எடுத்துவிடுங்கள்.

---

நொய்யல்

நோயாளி பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. "மயக்கமா கலக்கமா" பற்றி ரேடியோ ஐயா சொன்னது வாலிக்குச் சரி. அவருக்கு வந்தது வேலை இல்லாத கஷ்டம், உடம்பு நன்றாக இருந்தது. எழுந்து நடக்க முடிந்தவனுக்கு அந்தப் பாட்டு தோளில் கைபோடும். எனக்குப் படுக்கையில் கிடந்தபோது அதே பாட்டு, நீ இன்னும் முயற்சி பண்ணவில்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது. "ஒவ்வொரு பூக்களுமே" வீடியோவையும் நாள் தவறாமல் யாராவது அனுப்புவார்கள். நல்ல பாட்டு, சித்ராவுக்கும் பா. விஜய்க்கும் தேசிய விருது வாங்கிக்கொடுத்த பாட்டு. எனக்கு அது பிடித்தது எல்லாம் முடிந்து தலைமுடி திரும்ப முளைத்த பிறகுதான். இது என் அனுபவம் மட்டும்.

---

ரேடியோபைத்தியம்

என் மனைவி கடைசி நாட்களில் "மயக்கமா கலக்கமா"வைத் திரும்பத் திரும்பக் கேட்டாள் தம்பி. நான்தான் போட்டுவிடுவேன். அவளுக்கு அது எப்படி இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

---

வைகைக்கரை

ஐயா, அவர்களே கேட்டு வாங்கிப் போடச் சொன்ன பாட்டு என்றால் அது அவர்களுக்குப் பிடித்துத்தான் இருந்திருக்கும். என் தோழி கேட்டால் நானும் அனுப்பிவிடுவேன். நானாக அனுப்ப மாட்டேன், அவ்வளவுதான்.

கடிதத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். முதல் பாட்டுக்கு எழுதிய பத்தியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: *"புத்தம் புது காலையை இப்போது கேட்காதே. மாத்திரை முடிந்த பிறகு ஒருநாள் நாம் ரெண்டு பேரும் சேர்ந்து கேட்போம். அதுவரை அது என்னிடம் இருக்கட்டும்."* பென் டிரைவிலிருந்தும் அழித்துவிட்டேன். இருந்தால் எனக்காக அவள் கேட்டுவிடுவாள்.

"பாலும் பழமும்" வைத்திருக்கிறேன். சிஸ்டர் சொன்ன சென்னை ஆய்வைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். சுவிட்சர்லாந்துக்குப் போக வேண்டாமடி, திண்டுக்கல்லே போதும் என்று முடித்திருக்கிறேன். ரேடியோ ஐயா மன்னிக்க வேண்டும்.

---

ரேடியோபைத்தியம்

அந்தப் பக்கத்தோடு என்றால் எனக்குப் பாதி சம்மதம். படம் பார்க்கச் சொல்லாதீர்கள், பாட்டு மட்டும்.

---

வார்டுசிஸ்டர்

நாலாவது பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் சாப்பிடுகிற மருந்தில் எத்தாம்புட்டால் என்று ஒன்று உண்டு. அபூர்வமாகக் கண் நரம்பைத் தொடும். முதலில் போவது பெரும்பாலும் சிவப்பு, பச்சை வித்தியாசம். நிறங்கள் கழுவினமாதிரி மங்கும், இல்லையென்றால் எழுத்து கலங்கும். சீக்கிரம் கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். தாமதித்தால் கஷ்டம். நீங்கள் காரணம் தெரியாமலேயே நிறங்களை எண்ணச் சொல்லியிருக்கிறீர்கள். வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி, அப்புறம் மறு கண்ணை மூடி, அந்தச் சிவப்புத் துணியையும் பச்சைத் துணியையும் பார்க்கச் சொல்லுங்கள். மாறியதாகத் தோன்றினால் அன்றே டாக்டர். பயமுறுத்தாமல் எழுதுங்கள்.

---

வைகைக்கரை (மூன்று வாரம் கழித்து)

கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் பதில் எழுதவில்லை, போன் பண்ணினாள். ஏழு நிமிஷம் பேசினாள், ஒருமுறைதான் இருமினாள்.

பந்துக் கருவியை அவளும் ஊதிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்! இப்போது இழுக்கிறாள். முதல் பந்து நிற்கிறது, இரண்டாவது பாதி எழும்புகிறதாம். அது முடிந்ததும் "சின்னச் சின்ன ஆசை" பல்லவி மட்டும் முணுமுணுக்கிறாள். சரணம் இன்னும் வரவில்லை.

டாக்டர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். தட்டு சமையலறைக்குத் திரும்பிவிட்டது. டம்ளர் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது, மாமியாருக்கு மனசு வரவில்லை.

எதிர்வீட்டு மாடியில் ஒரு சிவப்புத் தாவணியும் ஒரு கிளிப்பச்சைத் துண்டும் தினமும் காய்கிறதாம். ரெண்டும் அதே நிறத்தில்தான் இருக்கிறது, இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் என்றாள். ராத்திரிப் பாட்டு இரண்டாவது சரணம் வரை கேட்டதே இல்லையாம், அதற்குள் தூங்கிவிடுகிறாளாம்.

கடைசியாக, "மயக்கமா கலக்கமாவை அனுப்புடி, அப்பா ஞாபகம் வருது" என்றாள். இன்று அனுப்பிவிட்டேன்.